அப்பாவின் சுகரை மறைத்து மருத்துவக் காப்பீட்டு பாலிசி எடுக்கலாமா?

"அப்பாவுக்கு 64 வயது, 8 வருடமாக சுகர் மாத்திரை. படிவத்தில் சொன்னால் காத்திருப்புக் காலம் போடுவார்கள், சொல்லாமல் விட்டால் என்ன?"

சொல்லிவிடுங்கள். எங்கள் மாமனாருக்கு நாங்கள் சொல்லவில்லை. இரண்டாம் வருடம் காலில் புண் ஆறாமல் சேர்த்தபோது, டிஸ்சார்ஜ் சம்மரியின் முதல் வரியிலேயே டாக்டர் "10 வருட நீரிழிவு நோயாளி" என்று எழுதியிருந்தார். அந்த ஒரு வரி போதும், கிளைம் நிராகரிக்கப்பட்டது, பாலிசியும் ரத்தானது.

சொன்னால் என்ன ஆகும்? 2024 ஏப்ரல் முதல், ஏற்கெனவே இருக்கும் நோய்க்கான காத்திருப்பு அதிகபட்சம் 36 மாதம்தான், முன்பு 48. அதுவரை சுகர் தொடர்பான சிகிச்சைக்குப் பணம் வராது, ஆனால் டெங்கு வந்தால் முதல் 30 நாள் கழிந்ததும் கிடைக்கும், விபத்துக்கு முதல் நாளிலிருந்தே உண்டு. கண்புரை, மூட்டு மாற்று போன்றவற்றுக்கு மட்டும் சுகர் இல்லாதவருக்கும் தனிக் காத்திருப்பு இருக்கும், பெரும்பாலும் 24 மாதம்.

இடையில் புதுப்பிக்காமல் விட்டு, சலுகை நாட்களும் தாண்டிவிட்டால் இந்த 36 மாதம் மறுபடி முதலிலிருந்து ஓடும். நிறைய பேர் பிரீமியம் ஏறியதைப் பார்த்து விட்டுவிடுவது இங்கேதான். 2025 ஜனவரியிலிருந்து, 60 வயதைத் தாண்டியவர்களுக்கு ஒரே வருடத்தில் 10 சதவீதத்துக்கு மேல் ஏற்ற வேண்டுமென்றால் நிறுவனம் முதலில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயைக் கலந்தாக வேண்டும். அதாவது 40,000 ரூபாய், அடுத்த வருடம் 44,000. அதைத் தாண்டி நோட்டீஸ் வந்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். நிறுவனம் மாற்றினாலும், காத்திருப்பில் கழிந்த மாதங்கள் பழைய காப்பீட்டுத் தொகை அளவுக்குக் கூடவே வரும்.