தனித்தனி டிக்கெட்டுகளை ஒரே புகாராக்குவது எப்படி?

கேள்வி: எங்கள் அலுவலகத்தின் லீஸ்டு லைன் இணைப்பு ஜூன் மாதத்தில் மூன்று முறை அறுந்தது. ஒவ்வொரு முறையும் டிக்கெட் போட்டோம், சரிசெய்து மூடிவிட்டார்கள். புகார் சொன்னால் ‘எல்லா டிக்கெட்டும் உரிய நேரத்துக்குள் முடிந்திருக்கிறது’ என்கிறார்கள். டிக்கெட் விவரங்களை இணைத்திருக்கிறேன். இணைப்பு தரும் நிறுவனத்தில் எங்கள் கணக்கைக் கவனிக்கும் அக்கவுண்ட் மேனேஜருக்கு என்ன எழுதுவது?

பதில்: அவர்கள் சொல்வது பொய்யில்லை. சிக்கலே அங்கேதான் இருக்கிறது. நீங்கள் இணைத்த ஒப்பந்தப் பக்கத்தில் இரண்டு வாக்குறுதிகள் உள்ளன. ஒவ்வொரு பழுதும் 4 மணி நேரத்துக்குள் சரிசெய்யப்படும் என்பது ஒன்று. மாதத்தில் 99.5 சதவீத நேரம் இணைப்பு இயங்கும் என்பது மற்றொன்று. சப்போர்ட் குழு பார்ப்பது முதலாவதை மட்டுமே. டிக்கெட் மூடியதும் அவர்களுக்கு அந்தக் கதை முடிந்துவிடுகிறது. மாதக் கணக்கு வாக்குறுதியை யாராவது கூட்டிப் பார்த்தால்தான் அது மீறப்பட்டது தெரியும். அந்தக் கூட்டலைச் செய்து அக்கவுண்ட் மேனேஜர் முன் வைக்க வேண்டியது நீங்கள்தான்.

ஜூனுக்கு 720 மணி நேரம். அதில் அரை சதவீதம் 3 மணி 36 நிமிடம். அவ்வளவுதான் அனுமதி. உங்களுக்கு நின்றது 4ஆம் தேதி 1 மணி 50 நிமிடம், 11ஆம் தேதி 2 மணி 10 நிமிடம், 19ஆம் தேதி 3 மணி 5 நிமிடம். மொத்தம் 7 மணி 5 நிமிடம். ஒன்றுகூட 4 மணி நேரத்தைத் தாண்டவில்லை, ஆனால் அனுமதித்ததைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

எழுதும் முன் ஒன்றைக் கவனியுங்கள். 19ஆம் தேதி டிக்கெட்டில் 25 நிமிடம் ‘வாடிக்கையாளர் பதிலுக்குக் காத்திருப்பு’ என்று கடிகாரத்தை நிறுத்தியிருக்கிறார்கள். பல ஒப்பந்தங்களில் அந்த நேரம் கணக்கில் சேராது. அதனால் நீங்களே அதைக் கழித்து 6 மணி 40 நிமிடம் என்று எழுதிவிடுங்கள். அப்போதும் வரம்பு மீறல் நிற்கிறது, விவாதம் அந்த 25 நிமிடத்தில் சிக்கிக்கொள்ளாது. இணைப்பு போன நேரத்தை அல்ல, டிக்கெட் பதிவான நேரத்தையே தொடக்கமாக எடுங்கள். பெரும்பாலும் ஒப்பந்தம் அப்படித்தான் கணக்கிடும். இனிமேல் இணைப்பு போனால் முதல் வேலை டிக்கெட் போடுவது, அப்புறம்தான் மற்றது.

அக்கவுண்ட் மேனேஜரால் கேபிளைச் சரிசெய்ய முடியாது. அவர் செய்யக்கூடியது, உங்கள் கடிதத்தைத் தன் நெட்வொர்க் குழுவுக்கும் பில்லிங் பிரிவுக்கும் அனுப்பி வேலை வாங்குவது. எனவே உங்களை அறியாத ஒருவர் படித்தாலும் புரியும்படி எழுத வேண்டும். இப்படி:

“ஜூனில் எங்கள் இணைப்பு மூன்று முறை நின்றது. டிக்கெட் 40871, 4ஆம் தேதி, 1 மணி 50 நிமிடம், கூறப்பட்ட காரணம் கேபிள் துண்டிப்பு. டிக்கெட் 41106, 11ஆம் தேதி, 2 மணி 10 நிமிடம், மின் தடை. டிக்கெட் 41390, 19ஆம் தேதி, காத்திருப்பு நீங்கலாக 2 மணி 40 நிமிடம், பழுது எதுவும் கண்டறியப்படவில்லை. மொத்தம் 6 மணி 40 நிமிடம். ஒப்பந்தம் அனுமதிப்பது 3 மணி 36 நிமிடம். ஜூலை 10க்குள் மூன்று நிகழ்வுகளுக்குமான மூல காரண அறிக்கையும், சேவை நின்றதற்கு ஒப்பந்தப்படியான கட்டணக் கழிவு அடுத்த பில்லில் வரும் என்ற எழுத்து உறுதியும், எந்தப் பகுதி எந்தத் தேதியில் மாற்றப்படும் என்ற விவரமும் தேவை.”

காரணங்களை அருகருகே வைப்பது முக்கியம். ஒரே இணைப்பு, மூன்று விதமான விளக்கம், அதில் கடைசி ‘ஒன்றும் கண்டறியப்படவில்லை’. நெட்வொர்க் தெரிந்த எவருக்கும் உண்மையான பழுது இன்னும் உள்ளே இருக்கலாம் என்று இதைப் படித்ததுமே தோன்றும். ‘விரைவில் சரிசெய்யவும்’ என்று மட்டும் எழுதினால் டிக்கெட் திறப்பார்கள், மூடுவார்கள், நீங்கள் மறுபடி இதே இடத்தில் நிற்பீர்கள்.

இழந்த வியாபாரத்துக்கு நஷ்டஈடு கேட்டு இந்தக் கடிதத்தைக் கனமாக்காதீர்கள். இத்தகைய ஒப்பந்தங்கள் பொதுவாக அதை விலக்கியே வைத்திருக்கும். அந்த ஒரு வரிக்காகக் கடிதம் சட்டப் பிரிவுக்குப் போய் உட்கார்ந்துவிடும். கழிவு கிடைக்கவில்லை என்று பில் தொகையை நீங்களாகப் பிடித்துவைக்கவும் வேண்டாம். ஒப்பந்தத்தை மீறியவர் நீங்கள் என்று ஆகிவிடும். கழிவு கோர எத்தனை நாள் அவகாசம் என்று ஒப்பந்தத்தில் இன்றே தேடிப் பாருங்கள். சிலவற்றில் அது தவறினால் உரிமையே போய்விடும்.

அவர் தொலைபேசியில் பேசினால் பேசுங்கள், ஆனால் பேசி முடித்ததும் ‘இன்று நீங்கள் ஒப்புக்கொண்டவை’ என்று அதே மின்னஞ்சல் தொடரில் எழுதி அனுப்புங்கள். ஜூலை 10 வரை பதில் வராவிட்டால் புதுக் கடிதம் வேண்டாம். அதே தொடரில், ஒப்பந்தத்தின் எஸ்கலேஷன் பட்டியலில் அவருக்கு மேலே உள்ளவரைச் சேர்த்து, ‘கீழே உள்ளதற்கு 10ஆம் தேதிக்குள் பதில் இல்லை’ என்ற ஒரே வரியுடன் அனுப்புங்கள்.