குர்ஆனை அச்சிட உலமாக்கள் ஏன் தயங்கினார்கள்?

கேள்வி: முஸ்லிம் நாடுகளில் அச்சு இவ்வளவு தாமதமானது ஏன்? மார்க்கத் தடையா?

முழுத் தடை என்று சொல்ல முடியாது. இஸ்தான்புல்லில் யூதர்கள் 1493-லேயே அச்சிட்டார்கள். முஸ்லிமான இப்ராஹிம் முதஃபர்ரிகா 1727-ல் அனுமதி கேட்டபோது உஸ்மானிய அரசின் தலைமை மார்க்க அறிஞரான ஷைகுல் இஸ்லாமே ஆதரவாக ஃபத்வா கொடுத்தார்: கற்றவர்கள் பிழை திருத்தினால் அச்சு நல்லதே, பல பிரதிகள் மலிவாகக் கிடைக்கும் என்றார். ஆனால் அனுமதி அகராதி, வானியல் போன்றவற்றுக்குத்தான். குர்ஆன், ஹதீஸ், ஃபிக்ஹ் நூல்கள் விலக்கப்பட்டன. 1729-ல் வந்த முதல் நூலும் அகராதிதான்.

அந்த விலக்குக்குப் பின்னால் இருந்த பயம் நியாயமானது என்றே நினைக்கிறேன். அரபி எழுத்தில் ஒரு புள்ளி மாறினால் 'தால்' 'ஸால்' ஆகிவிடும், பொருளே மாறும். 1537 வாக்கில் வெனிசில் அச்சான குர்ஆனில் இப்படிப்பட்ட பிழைகள் மலிந்திருந்தன. கையெழுத்துப் பிரதியில் தவறு ஒன்றோடு நிற்கும்; அச்சில் எல்லாப் பிரதிகளிலும் பரவும். அதோடு, ஆசிரியரிடம் ஓதிக் காட்டி, பிறருக்குக் கற்பிக்க அனுமதி பெறும் மரபும் இருந்தது.

அப்புறம் கல்லச்சு வந்தது. கையெழுத்துக் கலைஞர் எழுதிய பக்கத்தை அப்படியே பெருக்க முடிந்ததால் தயக்கம் தளர்ந்தது. 1870-களில் உஸ்மானிய அரசே குர்ஆனை அச்சிட்டது. ஆனால் தாமதத்துக்குக் காரணம் மார்க்கம் மட்டுமில்லை: வாங்குவோரும் குறைவு, எழுத்தர்கள் வேலையைச் சரியாகவே செய்துவந்தார்கள்.