வாய் மூடும் இடத்தில் வார்த்தையும் மூட வேண்டும்

"தெலுங்குக் குறும்படம் ஒன்றுக்குத் தமிழ் டப்பிங் வசனம் எழுதுகிறேன். க்ளோசப்பில் ஒரு பெண் தோழியிடம் 'மா நான்ன பொலம் அம்மேசாடு' என்கிறாள். 'எங்கப்பா நெலத்தை வித்துட்டாரு' என்று எழுதினால் நீளம் சரியாக இருக்கிறது, வாய்தான் ஒட்டவில்லை. முதுகு காட்டி நிற்கும் தோழி 'ஏமிட்டி?' என்று கேட்கிறாள். எப்படி மாற்றுவது?" – மன்னார்குடி வாசகர்

சத்தத்தை நிறுத்திவிட்டு அந்த ஷாட்டை மெதுவாக ஓடவிட்டு, உதடு மூடும் இடங்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ப, ம இரண்டும்தான் ஆளைக் காட்டிக்கொடுக்கும் எழுத்துகள். மற்ற எழுத்துகள் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் கண் மன்னித்துவிடும்.

உங்கள் தெலுங்கு வரியை மா–நான்–ன–பொ–லம்–அம்–மே–சா–டு என்று பிரித்தால் 9 துண்டு. உதடு மூடுவது 'மா', 'பொ', 'லம்', 'அம்மே' ஆகிய நான்கு இடங்களில். உங்கள் தமிழிலோ 'ப்பா'வில் ஒரே ஒரு முறை. அதுவும் அவள் 'நான்ன' என்று வாயைத் திறந்திருக்கும்போது வருகிறது. உறுத்தல் அங்கேதான்.

'நம்ம நெலம் அப்பா வித்தாரு' என்றால்? துண்டுக் கணக்கு அதே 9தான், ஆனால் தெலுங்கு 'மா' என்பது நம் 'எங்க'. 'நம்ம'வுக்கு அங்கே 'மன' இருக்கிறது. தோழி அந்த வீட்டுப் பெண்ணாகிவிடுவாள், காட்சியின் உறவே மாறிவிடும். 'மூணு மா' என்று நம் ஊர்க் கணக்கில் ஆரம்பிக்கவும் ஆசை வரும். 3 மா ஒரு ஏக்கர் என்பது மன்னார்குடியில் புரியும், கோயம்புத்தூர்க்காரர் மாமரத்தைத் தேடுவார்.

நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்: 'மொத்த நெலமும் அப்பா வித்தாரு.'

முதல் உதட்டு மூடலுக்கு 'மொ' வந்துவிட்டது. 'லம்' இருந்த இடத்தில் 'மும்', 'அம்மே'க்கு நேராக 'அப்பா'. முடிவில் 'சாடு', 'தாரு' இரண்டுக்கும் ஆ–உ என்று ஒரே வாய். ஒரு துண்டு கூடுதல், ஆனால் 'வித்' குறுகிய ஒலி என்பதால் குரல் கொடுப்பவர் விழுங்கிவிடலாம். 'பொ' மட்டும் தப்புகிறது. அதற்காக இன்னொரு ப–வைத் திணித்தால் பேச்சு செய்யுளாகிவிடும், விட்டுவிடுங்கள்.

'மொத்த' என்பது நீங்கள் சேர்க்கும் அர்த்தம். படத்தில் கொஞ்சம் நிலம் மிச்சமிருந்தால் இந்த வரி பொய், பயன்படுத்தாதீர்கள். 'எங்க' போனதில் நஷ்டமில்லை, 'அப்பா' என்றாலே யாருடைய அப்பா என்று தெரிந்துவிடும்.

அப்புறம், 'வித்துட்டாரு' என்பதில் இருந்த 'போச்சே' என்ற தொனி 'வித்தாரு'வில் குறைகிறது. அதைத் தோழியிடம் கொடுங்கள். முதுகுதானே தெரிகிறது, அவளுக்கு உதட்டுக் கணக்கே கிடையாது. 'ஏமிட்டி?' என்பதற்கு 'என்ன?' என்று எழுதாமல் 'வித்துட்டாரா?' என்று கேட்கவிடுங்கள்.