தோற்றிய திதி – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

தேவிபட்டினத்தில் நாங்கள் 11 பேர் ஞாயிறுதோறும் கூடித் திருவாசகம் ஓதி வருகிறோம். பொருளும் தெரியவேண்டும் என்று சிவஞான மாபாடியம் வாங்கினோம். மூன்று மாதமாகியும் முதல் சூத்திரத்தைத் தாண்டவில்லை. ‘திதி’ என்றால் காத்தல்தானே என்கிறார்கள் பாதிப்பேர். அப்படி வைத்தால் வரி ஓடவில்லை என்கிறார்கள் மீதிப்பேர். ஆதீனங்களில் சாதாரண ஜனங்களுக்கு இதையெல்லாம் எப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள்? நாங்கள் எதில் தொடங்குவது?

ஒரு வாசகர், தேவிபட்டினம்

அன்புள்ள நண்பருக்கு,

திதிச் சண்டையை முதலில் முடித்துவிடுவோம். மாபாடியம் உரைசெய்யும் சிவஞானபோதம் என்ற சைவ சித்தாந்த நூலின் முதல் சூத்திரம் இது:

அவன் அவள் அது எனும் அவை மூவினைமையின்
தோற்றிய திதியே ஒடுங்கி மலத்துளதாம்
அந்தம் ஆதி என்மனார் புலவர்

முதல் அடியில் ‘மூவினைமை’ வந்துவிட்டது. தோன்றுதல், நிற்றல், அழிதல் என்ற மூன்று தொழிலும் உடைமை என்று பொருள். ஆகவே காத்தல், அதாவது நிற்றல், அங்கேயே எண்ணப்பட்டாயிற்று. அடுத்த அடியில் அதை மட்டும் தனியே எடுத்துச் சொல்ல வேலையில்லை. இங்கே திதி என்பது நிலைபெற்ற பொருள், உள்ள பொருள். அதற்கு முன்னுள்ள சொல்லையும் கவனியுங்கள். ‘தோன்றிய’ என்றில்லை, ‘தோற்றிய’ என்றிருக்கிறது. தோன்றிய என்றால் தானே வந்தது. தோற்றிய என்றால் ஒருவன் வரச்செய்தது. அந்த ஒரு வல்லொற்றில் கடவுள் உள்ளே வந்துவிட்டார். இனி வரியைக் கூட்டிப் படியுங்கள்: அவன், அவள், அது என்று சுட்டப்படும் உலகம் மூன்று தொழில் உடையதாகையால், அது ஒருவனால் தோற்றுவிக்கப்பட்ட உள்பொருளே; ஒடுங்கி, உயிர்களின் அறிவை மறைக்கும் மலம் தீராமையால், ஒடுங்கிய இடத்திலிருந்தே மீண்டும் உளதாகிறது; ஒடுக்குகிறவனே அதற்கு முதல் என்பர் அறிந்தோர்.

மூன்று மாதம் திணறியதில் உங்கள் தவறு குறைவு. மாபாடியம் உங்களுக்காக எழுதப்பட்டதல்ல. திருவாவடுதுறை ஆதீனத்துச் சிவஞான முனிவர், 1785-இல் மறைந்தவர், சிவஞானபோதத்துக்கு இரண்டு உரை செய்தார். ஒன்று மாபாடியம், மற்றது சிற்றுரை. ஒரே ஆள் ஒரே நூலுக்கு இரண்டு உரை எழுதுவானேன்? படிப்பவர் இரண்டு வகை என்பதால்தான். மாபாடியத்தின் முன்னால் உட்கார்ந்தவர் இலக்கணமும் தருக்கமும் முடித்த மாணவர். முனிவரே தருக்க சங்கிரகத்தைத் தமிழாக்கினார், தொல்காப்பியப் பாயிரத்துக்கும் முதற்சூத்திரத்துக்கும் விருத்தி எழுதினார். அந்தப் படிகளை ஏறி வந்தவருக்குத்தான் மாபாடியம். போதாக்குறைக்கு அந்த நூல் நெடுங்காலம் மடத்து ஏட்டிலேயே இருந்தது. முழுமையாக அச்சேறியது இருபதாம் நூற்றாண்டில்தான். ஏட்டைப் பிரிப்பவருக்குப் பக்கத்தில் பாடம் சொல்ல ஒருவர் இருப்பார் என்று நம்பி எழுதிய நடை அது. அந்த ஆள் இல்லாமல் அச்சுப் புத்தகம் மட்டும் கைக்கு வந்தால், நீங்கள் நின்ற இடத்தில்தான் எவரும் நிற்பார்.

மடம் படிப்புக்குச் செலவழித்தது பெரும்பாலும் அந்தப் பாடம் சொல்லும் ஆளுக்கும், அவரிடம் படிக்க வந்தவர்களின் சோற்றுக்கும்தான். திருவாவடுதுறையில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை ஆதீன வித்துவானாக இருந்தது அப்படித்தான், உ.வே.சாமிநாதையர் அங்கே அவரிடம் படித்ததும் அப்படித்தான். அச்சு வந்தபிறகு செலவின் ஒரு பங்கு வெளியிலிருந்தும் வந்தது. 1849-இல் அந்த ஆதீனம் ‘நாவலர்’ என்று பட்டம் கொடுத்த ஆறுமுக நாவலருக்கு, திருக்கோவையார் உரையையும் பரிமேலழகர் உரையையும் பதிப்பிக்கப் பொருள் உதவியவர் உங்கள் ஊர்ப் பக்கத்து இராமநாதபுரம் பொன்னுசாமித் தேவர்.

சரி, தொடங்குவது எதில்? திருவருட்பயனில். உமாபதி சிவம் செய்தது. பத்து அதிகாரம், அதிகாரத்துக்குப் பத்தாக 100 குறள். உங்களைப் போல் ஓதுகிற கூட்டத்துக்கு இதில் ஒரு வசதி உண்டு. அவரே தொகுத்ததாகச் சொல்லப்படும் தேவார அருள்முறைத் திரட்டு, இதே பத்துத் தலைப்பில் தேவாரப் பாடல்களை அடுக்கியிருக்கிறது. பாடலை முதலில் ஓதிவிட்டு, அந்த அதிகாரத்துக் குறளுக்கு வாருங்கள். மூன்றாம் அதிகாரமான இருள்மல நிலையில் நிதானமாக இருங்கள். அதில் ஒன்று:

ஒருபொருளும் காட்டாது இருள்உருவம் காட்டும்
இருபொருளும் காட்டாது இது

இருட்டு மற்ற பொருளை மறைத்தாலும், ‘இதோ இருட்டு’ என்று தன்னைக் காட்டிக்கொள்கிறது. மலம் பொருளையும் காட்டாது, தன்னையும் காட்டாது. மேலே பார்த்த ‘மலத்துளதாம்’ என்பதில் வரும் மலம் இதுதான். இதைப் பிடிக்காமல் அந்தச் சூத்திரத்துக்குப் போனால், உலகம் மலத்திலிருந்து முளைக்கிறது என்று கொண்டுவிடுவீர்கள். பலர் இடறும் இடம் அது. சித்தாந்தத்தில் உலகுக்கு முதற்காரணம், அதாவது அது உண்டாகும் மூலப்பொருள், மாயை. மலம் தீரவேண்டும் என்பது உலகம் மறுபடி வருவதற்கான காரணம் மட்டுமே.

அடுத்தது சிவஞானபோதம், சிற்றுரையோடு. 12 சூத்திரம், அவற்றின் உட்பிரிவாக 39 அதிகரணம். ஒரு ஞாயிறுக்கு ஓர் அதிகரணம் போதும். திருவிழா, மழை எல்லாம் தள்ளினாலும் ஓராண்டில் முடியும். ஒவ்வோர் அதிகரணத்திலும் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு வெண்பா என்று மூன்று அங்கம். மேற்கோள் என்பது நிறுவ எடுத்துக்கொண்ட கருத்து. இப்போது நாம் சொல்லும் ‘மேற்கோள் காட்டுதல்’ அல்ல. ஏது அதற்கான காரணம். வெண்பா அதை விளக்கும் உவமை.

முதல் சூத்திரத்து இரண்டாம் அதிகரணத்தையே பாருங்கள். ஒடுக்கியவனிடமிருந்தன்றி உலகம் மீளத் தோன்றாது என்பது மேற்கோள். இல்லாதது தோன்றாது, உள்ளதும் செய்வோன் இன்றிச் செயற்படாது என்பது ஏது. வெண்பாவில் வித்தும், அது முளைக்கத் தாங்கிநிற்கும் குளிர்ந்த மண்ணும் வருகின்றன. உங்கள் ஊரில் இதை விளக்கப் புத்தகமே வேண்டாம். ஐப்பசி மழையில் ஈரமான மணலில் புதைத்த பனங்கொட்டை கிழங்கு விடுகிறது. அதே ஈரத்தில் சீமைக்கருவேலமும் முளைக்கிறது. மண் இரண்டுக்கும் ஒன்றுதான். எது எதுவாக முளைக்கிறது என்பது வித்தைப் பொறுத்தது. உயிர்களின் வினை வித்தைப் போல, இறைவன் மண்ணைப் போல.

இங்கே ஓர் எச்சரிக்கை. உவமையை ஏதுவாக எடுத்துக்கொள்வதுதான் கூடிப் படிக்கும் இடங்களில் அடிக்கடி நடக்கும் பிழை. மண் அறிவில்லாதது, இறைவனும் அப்படியா என்று ஒருவர் கேட்பார், கூட்டம் கலைந்துவிடும். உவமை எந்த ஒன்றுக்காக வந்ததோ அந்த ஒன்றுக்கு மட்டும்தான். இதைத் தடுக்க வழி எளிது. வாசித்தவரை விட்டுவிட்டு, மற்றொருவரிடம் அன்றைய அதிகரணத்தின் ஏதுவை மட்டும், உவமை சேர்க்காமல், சொந்த வார்த்தையில் சொல்லச் சொல்லுங்கள். பனங்கொட்டையை இழுத்தாரானால் அந்த அதிகரணம் அடுத்த ஞாயிறும் தொடரட்டும்.

கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் வேண்டும் என்றால், திருவாவடுதுறை ஆதீனம் நடத்தும் சைவ சித்தாந்த நேர்முகப் பயிற்சி மையம் உண்டு. மாதம் ஒரு நாளாக இரண்டு ஆண்டு வகுப்பு. பல ஊர்களில் நடக்கிறது, பக்கத்தில் எங்கே என்று விசாரியுங்கள். பதினோரு பேரும் போகவேண்டியதில்லை. இரண்டு பேர் போய், மாதம் முழுதும் சேர்ந்த ஐயங்களை எழுதி எடுத்துச் சென்று கேட்டு வந்தால் போதும்.

வாங்கிய மாபாடியத்தை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். சிற்றுரையில் ஒரு சொல்லுக்கு ஏன் இந்தப் பொருள் என்று தோன்றும்போது, அந்த இடத்தை மட்டும் அதில் திறந்து பாருங்கள். ‘திதி’யிலேயே தொடங்கலாம்.