ஈஸ்ட்ரோஜென் தரக்கூடாத பெண்ணை அடையாளம் காண்பது: மகப்பேறு தேர்வுக்கான கேள்வி பதில்

இறுதியாண்டு மருத்துவ மாணவி: "டாக்டர், மாதிரித் தேர்வில் வந்த கேள்வி இது. 31 வயதுப் பெண், பிரசவமாகி 8 வாரம், தாய்ப்பால் கொடுக்கிறார். புகைப்பழக்கம் இல்லை. ரத்த அழுத்தம் 118/76. எப்போதாவது ஒற்றைத் தலைவலி வரும், அதற்கு முன் கண்ணில் மின்னல்போல ஏதோ தெரியும் என்கிறார். ஈஸ்ட்ரோஜென் கலந்த கூட்டுக் கருத்தடை மாத்திரை கேட்கிறார். ரத்த அழுத்தம் சரியாக இருப்பதால் தரலாம் என்று எழுதினேன். மதிப்பெண்ணே தரவில்லை."

ரத்த அழுத்தத்தைப் பார்த்தது சரி. அந்த "மின்னல்போல ஏதோ" என்ற சொல்லை நீங்கள் தாண்டிப் போய்விட்டீர்கள். கேள்வி முழுவதும் அந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது. அது உண்மையிலேயே ஆராவா, அதாவது தலைவலிக்கு முன்னறிகுறியாக வரும் பார்வை அல்லது உணர்வு மாற்றமா என்று உறுதிசெய்வது உங்கள் முதல் வேலை.

ஆரா மெதுவாக வளரும். பார்வையில் சிறு புள்ளியாகத் தொடங்கி, வளைந்து நெளிந்த ஒளிக்கோடாக ஒரு பக்கமாகப் பரவும், நடுவில் ஒரு பகுதி தெரியாமல் போகும். 5 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை நீடித்து மறையும். பிறகுதான் பெரும்பாலும் தலைவலி வரும். சிலருக்குக் கையில் தொடங்கும் மதமதப்பு முகம்வரை ஏறும். வலியின்போது வெளிச்சம் பிடிக்காமல் போவதும், இரண்டு கண்ணும் மங்குவதும் ஆரா அல்ல. "அந்த ஒளியை இந்தத் தாளில் வரைந்து காட்டுங்கள்" என்று கேட்டால் நோயாளியே விடையைத் தந்துவிடுவார். என் மருந்தகத்தில் நான் தினமும் செய்வது இதுதான்.

கருத்தடை வழிகாட்டிகள் ஒவ்வொரு முறையையும் பெண்ணின் உடல்நிலைக்கு ஏற்ப, தடையின்றித் தரலாம் என்ற வகை 1 முதல் வகை 4 வரை பிரிக்கின்றன. ஆரா உறுதியானால் கூட்டு மாத்திரை வகை 4, அதாவது தரவே கூடாது. ஈஸ்ட்ரோஜென் கல்லீரலில் ரத்த உறைதல் காரணிகளின் உற்பத்தியைக் கூட்டுகிறது. ஆரா உள்ள ஒற்றைத் தலைவலியோ தனியாகவே மூளை ரத்தக்குழாய் அடைப்பின் அபாயத்தை உயர்த்துகிறது. இரண்டும் ஒரே பெண்ணிடம் சேரக்கூடாது. விடைத்தாளில் "வகை 4" என்று மட்டும் எழுதாதீர்கள். இந்தக் காரணத்தையும் எழுதினால்தான் விடை முழுமையாகும்.

பயிற்சித் தாதி: "தாய்ப்பால் கொடுப்பது வகை 2, ஆரா இல்லாத ஒற்றைத் தலைவலியும் வகை 2. இரண்டையும் கூட்டினால் 4 வந்துவிடுகிறதே, அப்போதும் தரக்கூடாது, அப்படித்தானே?"

இல்லை. நீங்கள் குறித்த இரண்டு எண்களும் இங்கிலாந்தின் 2016 வழிகாட்டியில் 6 வாரத்துக்கு மேல் ஆன தாய்க்குச் சரியானவை, ஆனால் அவற்றைக் கூட்டுவது தவறு. அவை மதிப்பெண்கள் அல்ல, பெயர்கள். வகை 2 என்றால் நன்மை பொதுவாக ஆபத்தை விஞ்சுகிறது, வகை 3 என்றால் ஆபத்து பொதுவாக நன்மையை விஞ்சுகிறது. எத்தனை நிலைகள் இருந்தாலும் ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்து, மிக உயர்ந்த வகையை முதலில் எழுதுங்கள்.

உங்கள் உள்ளுணர்வில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஒரே ஆபத்தை நோக்கிப் பல நிலைகள் குவிந்தால் மருத்துவரின் தீர்ப்பு இறுகத்தான் வேண்டும். 34 வயது, அதிக உடல் எடை, ஆரா இல்லாத ஒற்றைத் தலைவலி எல்லாம் ஒரே பெண்ணிடம் இருந்தால் நானும் தயங்குவேன். அந்தத் தயக்கத்தைச் சொற்களில் எழுத வேண்டும், கூட்டல் கணக்காக அல்ல.

எம்ஆர்சிஓஜி எழுதும் மருத்துவர்: "அதே தாய்க்கு ஆரா இல்லை என்று வைத்துக்கொள்வோம். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2015 பதிப்பில் 6 வாரத்திலிருந்து 6 மாதம்வரை தாய்ப்பால் கொடுப்பவருக்குக் கூட்டு மாத்திரை வகை 3. இங்கிலாந்தில் 2. எதை எழுதுவது?"

நீங்கள் எழுதும் தேர்வு இங்கிலாந்துடையது என்பதால் 2 என்று எழுதி, உலக நிறுவனம் வேறுபடுவதை ஒரு வரியில் சேருங்கள். வேறுபாட்டுக்குக் காரணம், ஈஸ்ட்ரோஜென் பால் சுரப்பைக் குறைக்கிறதா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகாததுதான். அது இன்னும் முடியாத வாதம். முதல் 6 வாரத்தில் இருவரும் 4 என்றே சொல்கிறார்கள். ரத்தம் உறையும் போக்கு அப்போது உச்சத்தில் இருப்பது முக்கியக் காரணம்.

முதுநிலை மருந்தாளர், பலதுறை மருந்தகம்: "ஆரா உள்ள பெண்ணுக்கு எல்லாரும் டெசோஜெஸ்ட்ரெல் மாத்திரை என்று எழுதிவிடுகிறார்கள். அவர் டோபிராமேட் சாப்பிடுகிறாரா என்று யாரும் கேட்பதில்லை."

நன்றி. நானே இதைச் சொல்ல இருந்தேன். ஒற்றைத் தலைவலி வராமல் தடுக்கத் தரப்படும் மருந்துகளில் டோபிராமேட்டும் ஒன்று. அளவு கூடும்போது கல்லீரல் நொதிகளைத் தூண்டி ஹார்மோனை விரைவாகச் சிதைக்கிறது. கருவுக்கும் கேடு விளைவிக்கும். ஆகவே கருத்தடை தோற்கவே கூடாத பெண்ணுக்குத் தோற்கக்கூடிய மாத்திரையைத் தந்தவராகிவிடுவோம்.

இந்த மருந்து இல்லாதவரை டெசோஜெஸ்ட்ரெல் நல்ல விடைதான். ஈஸ்ட்ரோஜென் இல்லை, வகை 2. பெரும்பாலான சுழற்சிகளில் முட்டை வெளிவருவதைத் தடுக்கிறது, கருப்பை வாய்ச் சளியையும் தடிப்பாக்குகிறது. 12 மணி நேரம் வரை தாமதமானாலும் பயன் குறையாது. ஈஸ்ட்ரோஜென் இல்லாத பழைய வகை மாத்திரைகளுக்கு அந்த அவகாசம் 3 மணி நேரம்தான். டோபிராமேட் இருந்தால் காப்பர்-டி அல்லது ஹார்மோன் ஊசிக்கு மாறுங்கள். காப்பர்-டியின் செப்பு விந்தணுவைச் செயலிழக்கச் செய்கிறது, கல்லீரலுக்கு அதில் வேலையே இல்லை. பிரசவமாகி 4 வாரம் கடந்ததால் நம் நோயாளிக்கு அது வகை 1. தாய்ப்பால் கொடுக்கும் காலத்தில் பொருத்தும்போது கருப்பையில் துளை விழும் வாய்ப்பு சற்றுக் கூடுதல். அது அரிதுதான், ஆனாலும் ஒப்புதல் வாங்கும்போது சொல்ல வேண்டும்.

மாணவி, மீண்டும்: "மாத்திரையின் தோல்வி விகிதம் ஒரு புத்தகத்தில் 0.3, இன்னொன்றில் 9, மற்றொன்றில் 7. மனப்பாடம் செய்யவே முடியவில்லை."

மூன்றுமே சரி. 0.3 என்பது ஒரு நாளும் தவறாமல் சாப்பிடும் 100 பெண்களில் ஓராண்டில் கருவுறுவோர். 9 என்பதும் 7 என்பதும் மறதி, வாந்தி, தாமதம் எல்லாம் கலந்த உண்மை வாழ்க்கையின் கணக்கு. அமெரிக்கத் தரவு, முதலில் வந்தது 9, திருத்தி 2018இல் வெளியானது 7. காப்பர்-டிக்கு இந்த இரண்டும் 0.6, 0.8. பொருத்திய பிறகு பெண் நினைவில் வைக்க எதுவும் இல்லாததால் இடைவெளி மறைந்துவிடுகிறது. எண்ணை எழுதும்போது "ஓராண்டில், வழக்கமான பயன்பாட்டில்" என்று சேர்த்து எழுதுங்கள். அது இல்லாத எண்ணுக்குப் பொருள் இல்லை.

உட்லண்ட்ஸ் வாசகி: "நான் மாணவி இல்லை. இரண்டு வருடமாகக் கூட்டு மாத்திரை சாப்பிடுகிறேன். நீங்கள் சொன்ன அந்த ஒளிக்கோடு எனக்குப் போன மாதம் இரண்டு முறை வந்தது. இந்த அட்டை முடியும்வரை சாப்பிடலாமா?"

வேண்டாம் அம்மா. இன்றே நிறுத்திவிட்டு ஆணுறை பயன்படுத்துங்கள், நாளையே மருத்துவரைப் பாருங்கள். கடந்த வாரம் உறவு நடந்திருந்தால் அதையும் சொல்லுங்கள், மாத்திரையைப் பாதியில் நிறுத்தும்போது அது கணக்கில் வரும். கை கால் தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, ஒளி ஒரு மணி நேரத்தில் மறையாவிட்டாலோ மருத்துவரின் நேரத்துக்குக் காத்திருக்காமல் 995ஐ அழையுங்கள்.

மாணவி: "நேர்முகத் தேர்வில் நோயாளியாக நடிப்பவர், 'என் அக்காவும் அதே மாத்திரைதான் சாப்பிடுகிறார், எனக்கு ஏன் இல்லை' என்று விடாப்பிடியாகக் கேட்டார்."

அக்காவுக்கு அந்த ஒளிக்கோடு வருகிறதா என்று திருப்பிக் கேளுங்கள். பிறகு அவர் அந்த மாத்திரையில் எதிர்பார்ப்பது என்ன என்று விசாரியுங்கள். பல நேரம் மாதவிலக்கு ஒழுங்காக வர வேண்டும் என்பதுதான் உண்மையான ஆசை. டெசோஜெஸ்ட்ரெல் அதைத் தராது. சிலருக்கு அடிக்கடி சொட்டும், சிலருக்கு மாதக்கணக்கில் வராது. அதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் இரண்டாம் மாதமே மாத்திரையைக் குப்பையில் போட்டுவிடுவார், மறுபடியும் அக்காவின் அட்டையைத்தான் எடுப்பார்.