கணவர் கார் ஓட்டும்போது பேசி அனுப்பும் பதில்கள் தலைகால் புரியாமல் வருகின்றன, என்ன செய்வது?

முதலில் அவர் போனில் குரலுக்கு எந்த மொழி வைத்திருக்கிறார் என்று பாருங்கள். ஆங்கிலம் என்று இருந்தால், அவர் "வர்றேன்" என்று சொல்வதை வாரன் என்று ஆள் பெயராக எழுதிவிடும், ஏனென்றால் தனக்குத் தெரிந்த வார்த்தைகளில் எது கிட்டத்தில் வருகிறதோ அதைத்தான் அது போடும். நீளமாகப் பேசினாலாவது முன்பின் வார்த்தைகளை வைத்து ஊகிக்க முடியும். ஒரே வார்த்தைப் பதிலில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை, அதனால்தான் சின்னப் பதில்களே அதிகம் கெடுகின்றன.

மொழி சரியாக இருந்தாலும் இன்னொரு தொல்லை உண்டு, என்னைக் கேட்டால் அதுதான் பெரியது. பேச்சு கொஞ்சம் நின்றாலே முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு கருவி வெட்டிவிடும். ஓட்டுகிறவர் வளைவிலும் வேகத்தடையிலும் பேச்சை நிறுத்தத்தான் செய்வார், நிறுத்தவும் வேண்டும். ஆனால் தமிழில் உண்டா இல்லையா என்பது வாக்கியத்தின் கடைசியில்தானே வருகிறது? அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை வாங்கணுமா என்று தம்பியிடம் கேட்டிருந்தேன், "மாத்திரை வாங்க" என்று பதில் வந்தது, நானும் ஒரு அட்டை வாங்கிவிட்டேன். அவன் சொன்னது "மாத்திரை வாங்க வேண்டாம்க்கா, வீட்டுல இருக்கு". குழறலாக வந்திருந்தால் திருப்பிக் கேட்டிருப்பேன், இது சரியான பதில் மாதிரியே இருந்தது.

அதனால் முடிவை முதலில் சொல்லச் சொல்லுங்கள்: "வேண்டாம், வீட்டுல இருக்கு." பின்பாதி வெட்டுப்பட்டாலும் விஷயம் வந்து சேர்ந்துவிடும். நீங்களும் ஒரு செய்தியில் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள். பால் வேண்டுமா, எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று இரண்டையும் சேர்த்துக் கேட்டால், வரும் "சரி" எதற்கு என்றே தெரியாது.

ஐபோனும் கார்ப்ளேயும் என்றால் Settings-இல் Siri பகுதிக்குள் Automatically Send Messages இருக்கும், அதை அணைத்து வையுங்கள். அப்புறம் அனுப்பும் முன் படித்துக் காட்டி, அனுப்பவா என்று கேட்கும், தப்பாக இருந்தால் அவர் அங்கேயே நிறுத்திவிடலாம். அதே Settings-இல் Focus, Driving போய் Auto-Reply-யில் "வண்டி ஓட்டுகிறேன், நிறுத்திவிட்டுக் கூப்பிடுகிறேன்" என்று எழுதி வைத்தால் அவர் வாயே திறக்க வேண்டாம். ஆனால் அது சாதாரண மெசேஜுக்குத்தான் போகும், வாட்ஸ்அப்புக்குப் போகாது.

ஆப்பிள் வாட்ச் என்றால் போனில் உள்ள Watch ஆப்பில் Messages, Default Replies போய் வீட்டில் வழக்கமாகச் சொல்லும் நாலைந்து பதில்களைத் தமிழிலேயே எழுதி வைக்கச் சொல்லுங்கள், நடக்கும்போது நின்று ஒன்றைத் தொட்டால் போதும். ஓட்டும்போது அதையும் தொட வேண்டாம்.

மருந்து, பணம், பிள்ளையை யார் கூட்டி வருவது மாதிரி விஷயமென்றால் பதிலை நம்பி எதுவும் செய்யாதீர்கள், வண்டியை ஓரம் கட்டிவிட்டுக் கூப்பிடச் சொல்லுங்கள்.