ஒரு மணி நேரத்தை எந்தத் தளத்துக்குக் கொடுப்பது?

“கரூரில் என் வீட்டு முன்னறையில் ஆரி வேலைப்பாட்டுடன் ரவிக்கை தைத்துக் கொடுக்கத் தொடங்கி மூன்று மாதம் ஆகிறது. விளம்பரத்துக்கு நாளுக்கு ஒரு மணி நேரமும் மாதம் 2,000 ரூபாயும்தான் ஒதுக்க முடியும். இன்ஸ்டாகிராம், யூடியூப், ஃபேஸ்புக், கூகுள் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதில் இறங்கட்டும்?”
– ஒரு வாசகி, கரூர்

அன்புள்ள சகோதரிக்கு,

அளவு கொடுக்க ஒருமுறை, போட்டுப் பார்க்க ஒருமுறை என்று வாடிக்கையாளர் உங்கள் வீட்டுப் படியேறியாக வேண்டிய தொழில் இது. எனவே, வெளியூரில் ஆயிரம் பேர் உங்கள் வேலையை ரசிப்பதைவிட, அருகில் தையற்காரரைத் தேடும் பத்துப் பேர் கண்ணில் நீங்கள் படுவதே பயன் தரும்.

அப்படித் தேடுபவர்கள் பெரும்பாலும் கூகுள் மேப்பைத்தான் திறப்பார்கள். அதில் தொழிலைப் பதிவு செய்யக் கட்டணம் இல்லை. தெரு, பெயர்ப்பலகை, ஆரிச் சட்டம், தையல் இயந்திரம் எல்லாம் தெரியும்படி ஒரு காணொளி எடுத்து அனுப்பச் சொல்லிக் கூகுள் சரிபார்க்கலாம் என்பதால், சிறிய பலகை ஒன்றை முதலில் மாட்டிவிடுங்கள். பலகையில் உள்ள பெயரையே பதிவிலும் கொடுங்கள்; ‘கரூரில் சிறந்த ஆரி ஒர்க்’ என்று பெயரோடு சேர்த்தால் பதிவு முடக்கப்படக்கூடும். ரவிக்கையை வாங்கிச் செல்பவரிடம் அப்போதே கருத்து எழுதச் சொல்லுங்கள். அதற்காகத் தள்ளுபடி மட்டும் தராதீர்கள், அது கூகுளின் விதிக்குப் புறம்பானது.

இரண்டாவது, வாட்ஸ்அப் பிசினஸ். வேலைப்பாட்டு வகைகளைத் தொடக்க விலையுடன் அதன் கேட்டலாகில் ஏற்றிவிட்டால், ‘என்ன விலை?’ என்ற கேள்விக்கு நாள்தோறும் பதில் தட்டும் நேரம் மிஞ்சும்.

இன்ஸ்டாகிராமை வாரம் இரண்டு படங்களோடு ஓர் ஆல்பமாக மட்டும் வைத்திருங்கள். யூடியூபையும் ஃபேஸ்புக்கையும் இப்போதைக்கு விட்டுவிடலாம். காணொளி எடுத்துத் தொகுக்கவே உங்கள் வார நேரம் முழுவதும் போய்விடும்.

இந்தத் தேர்வு சரிதானா என்பதை எட்டு வாரம் கணக்கெழுதிப் பாருங்கள். இன்ஸ்டாகிராம் முகப்பில் கீழ்க்கண்டவாறு ஓர் இணைப்பை, எக்ஸ் எழுத்துகளுக்குப் பதில் உங்கள் எண்ணை இட்டு, வைத்தால், அங்கிருந்து வருபவரின் முதல் செய்தியே அதைச் சொல்லிவிடும்.

```
https://wa.me/91XXXXXXXXXX?text=Insta
```

மற்றவர்களிடம் அளவெடுக்கும்போது, எப்படித் தெரிந்து வந்தீர்கள் என்று கேட்டு, அளவு நோட்டிலேயே குறித்துக்கொள்ளுங்கள். விருப்பக்குறிகளை எண்ணாதீர்கள், முன்பணம் கொடுத்தவர்களை மட்டும் எண்ணுங்கள். பின்தொடர்பவர்கள் பெருகியும் முன்பணம் வரவில்லையென்றால், அவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்பதை இன்ஸ்டாகிராமின் இன்சைட்ஸ் பகுதியில் பாருங்கள். பெரும்பாலும் காரணம் அங்கேயே தெரிந்துவிடும்.

பணத்தை இந்த எட்டு வாரமும் தொடாமல் வையுங்கள். ஆவணி முகூர்த்தத்துக்கான ரவிக்கைகளை ஆடியிலேயே தைக்கக் கொடுப்பார்கள் அல்லவா? சேர்த்த தொகையை அந்த ஆடி மாதத்தில், உங்கள் நோட்டில் முன்பணம் அதிகம் கொண்டுவந்த தளத்திலேயே, கரூரைச் சுற்றி 15 கிலோமீட்டருக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் தெரியும் விளம்பரமாகச் செலவிடுங்கள்.